தேர்தல் வந்தால் தங்கம் ஏறுமா? ஒரு பழைய வாத்தியாரின் கணக்கு நோட்டு



பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். படகுத்துறைக்குப் பிள்ளைகளை அழைத்துவந்தவள், சாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். அவள் மகளுக்கு அடுத்த வைகாசியில் கல்யாணம். பேச்சு நகையில் வந்து நின்றது. "சார், அடுத்த வருஷம் எலக்‌ஷன் வருது. எலக்‌ஷன் வந்தா தங்கம் ஏறிடும்னு எல்லாரும் சொல்றாங்க. வட்டிக்கு வாங்கியாவது இப்பவே எடுத்துடலாமான்னு யோசிக்கிறோம்" என்றாள்.

"யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன். நகைக்கடைக்காரர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது, மாமனாரும் சொன்னார் என்றாள். "இதுக்கு முன்னாடி எந்தெந்த எலக்‌ஷன்ல ஏறிச்சுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றேன். சிரித்துவிட்டாள். வகுப்பில் விடை தெரியாதபோது சிரிப்பாளே, அதே சிரிப்பு.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதலில் ஒரு வாக்குமூலம். இதே பேச்சை நம்பி நானும் ஒருமுறை ஓடியிருக்கிறேன். 1999 அக்டோபர் முதல் வாரம், நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து வாக்கு எண்ணப்போகும் நேரம். ஐப்பசியில் என் தங்கைக்குக் கல்யாணம். தங்கம் ஒரு வாரமாகத் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. "ரிசல்ட் வந்ததும் இன்னும் எகிறும் சார்" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சொன்னார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அவசரமாகக் கடன் எடுத்து, தி.நகர் போய் 12 பவுன் வாங்கிவந்தேன். ரிசல்ட் வந்தது. தங்கம் இறங்கியது. நவம்பர் கடைசியில் பவுனுக்குச் சில நூறு ரூபாய் குறைந்திருந்தது. மொத்தத்தில் என் அப்போதைய மாதச் சம்பளத்தில் பாதி போல நஷ்டம், அதற்கு மேல் கடனுக்கு வட்டி.

அந்த ஆண்டு என்னதான் நடந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, பேரன் உதவியோடு ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டையும் லண்டன் சந்தையின் பழைய விலைப் பட்டியலையும் டாலர் மதிப்புப் பட்டியலையும் எடுத்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதன் சாரம்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர்க் கடைப் பலகையில் எழுதும் விலை எங்கிருந்து வருகிறது? உலகச் சந்தையில் தங்கத்தை அவுன்ஸ் கணக்கில், டாலரில் விற்கிறார்கள். ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். அந்த டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, 31.1-ஆல் வகுத்தால் ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் வெறும் விலை. அதை எட்டால் பெருக்கினால் பவுன். இதன்மேல் இறக்குமதி வரியும் உள்ளூர்ச் சந்தையின் ஏற்ற இறக்கமும் சேரும். ஆக மூன்று பிடிகள்: உலக விலை, டாலருக்கு எத்தனை ரூபாய், டெல்லி போடும் வரியும் கட்டுப்பாடும். இந்தியாவில் வெட்டியெடுக்கும் தங்கம் மிகக் குறைவு. நாம் வாங்குவது கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வருவது.

நம் தேர்தல் தங்கத்தை ஏற்ற வேண்டுமென்றால் இந்த மூன்று பிடிகளில் ஒன்றைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். "பயத்தில் எல்லாரும் வாங்குவார்கள், அதனால் ஏறும்" என்று சொல்வது சுலபம். ஆனால் உலகச் சந்தை லண்டன், நியூயார்க், ஷாங்காய் என்று பரந்து கிடக்கிறது. முட்டுக்காட்டிலும் மதுரையிலும் நாம் பயந்து வாங்கும் சில பவுன் அங்கே அசைவை உண்டாக்காது.

இனி சோதனைக்கு வருவோம். அரசியல் குழப்பம் தங்கத்தை ஏற்றும் என்றால், சுதந்திர இந்தியாவில் குழப்பம் மிகுந்த ஆண்டுகளில் அது நன்றாகத் தெரிய வேண்டும். 1996 முதல் 1999 வரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஆண்டுக்குள் 1996, 1998, 1999 என்று மூன்று மக்களவைத் தேர்தல்கள். வாஜ்பாய் 13 நாள் பிரதமர். பிறகு தேவகவுடா, குஜ்ரால், மறுபடி வாஜ்பாய். நடுவில் 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை, அதையொட்டி வெளிநாட்டுப் பொருளாதாரத் தடைகள். ஆட்சி எத்தனை மாதம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

அந்தக் காலத்தில் தங்கம் என்ன செய்தது? ரிசர்வ் வங்கி மும்பைச் சந்தையின் ஆண்டுச் சராசரி விலையை 10 கிராமுக்கு வெளியிடுகிறது. நான் பவுனுக்கு மாற்றிச் சொல்கிறேன். 1996-97-இல் சுமார் 4,057 ரூபாய். 1998-99-இல் சுமார் 3,414 ரூபாய். பவுனுக்கு 640 ரூபாய் இறக்கம். இத்தனைக்கும் அதே காலத்தில் டாலர் 35 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 42 ரூபாய்க்குப் போனது. ரூபாய் வீழ்ந்தால் தங்கம் ஏற வேண்டும். ரூபாயும் வீழ்ந்து, ஆட்சிகளும் கவிழ்ந்து, தங்கம் இறங்கியது.

காரணம் இந்தியாவுக்கு வெளியே இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கள் பெட்டகங்களில் இருந்த தங்கத்தை விற்றுக்கொண்டிருந்தன. இனி தங்கத்துக்கு வேலை இல்லை, டாலர் பத்திரங்கள் போதும் என்பது அந்தக் காலத்து நினைப்பு. 1996-இல் அவுன்ஸ் சராசரியாக 388 டாலருக்குப் பக்கத்தில் இருந்தது. 1999-இல் 280-க்குக் கீழே. உள்நாட்டிலும் ஒரு காரணம் உண்டு. 1997-இல் வங்கிகள் தங்கம் இறக்குமதி செய்ய அரசு வழிவிட்டது. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வருவோர் கொண்டுவருவதும் கடத்தலுமே பெரிய வழிகள். கடத்தல் தங்கத்துக்கு எப்போதும் கூடுதல் விலை. நேர்வழி திறந்ததும் அந்தக் கூடுதல் சுருங்கியது.

இப்போது என் கதை நடந்த 1999-க்கு வருவோம். மாதவாரியாகப் பார்த்தால்தான் அது புரியும்.

ஏப்ரல் 17: அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபின் நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் தோற்றது. மே மாதம் கார்கிலில் சண்டை தொடங்கியது. எல்லையில் போர், டெல்லியில் காபந்து அரசு, தேர்தல் வரப்போகிறது. தங்கம் ஏற இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஆனால் மே 7-ஆம் தேதி பிரிட்டன் அரசு தன் கையிருப்பில் பாதிக்கும் மேலான 415 டன் தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏலம் விடப்போவதாக அறிவித்தது. விலை சரிந்தது. முதல் ஏலம் ஜூலை 6. ஜூலை 20-ஆம் தேதி லண்டன் விலை 252 டாலர் 80 சென்ட். இருபது ஆண்டுகளில் அதுதான் அடிமட்டம். கார்கில் போர் முடிந்ததாக அறிவிக்க அப்போது இன்னும் ஆறு நாள் இருந்தது. நம் பையன்கள் மலையுச்சியில் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது தங்கம் இருபது ஆண்டு காணாத மலிவில் இருந்திருக்கிறது.

அடுத்து செப்டம்பர். 5-ஆம் தேதி முதல் கட்ட வாக்குப்பதிவு. மூன்று வாரம் தங்கம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, வாஷிங்டனில் ஐரோப்பாவின் 15 மத்திய வங்கிகள் சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டன. இனி ஐந்து ஆண்டுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் விற்க மாட்டோம் என்றன. விற்றுத் தள்ளுவார்கள் என்று பந்தயம் கட்டியிருந்த வியாபாரிகள் அலறியடித்துக்கொண்டு திரும்ப வாங்கினார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி லண்டன் விலை 325 டாலர் 50 சென்ட்.

நம் ஊரில் வாக்கு எண்ணிக்கை தொடங்கியது அக்டோபர் 6.

பாருங்கள் தேதிகளை. உலக விலை உச்சம் தொட்ட மறுநாள் நமக்கு வாக்கு எண்ணிக்கை. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலிருந்து பார்த்தால் தேர்தல்தான் தங்கத்தைத் தூக்கியது என்று சத்தியமே செய்யலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். வாஷிங்டன் ஒப்பந்தம் என்ற சொல் எங்கள் காதுக்கு வரவே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாலர் அந்த மாதங்களில் 43 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்றது. இரண்டுக்கும் 43.30 என்றே வைத்துக்கொள்வோம். ஜூலை அடிமட்டத்தில் 252.80-ஐ 43.30-ஆல் பெருக்கி, 31.1-ஆல் வகுத்து, எட்டால் பெருக்கினால் பவுன் சுமார் 2,815 ரூபாய். அக்டோபர் 5 விலைக்கு அதே கணக்கு சுமார் 3,625 ரூபாய். வரியும் செய்கூலியும் சேதாரமும் இதில் சேரவில்லை. பவுனுக்கு 810 ரூபாய் ஏற்றம். இதில் ரூபாயின் பங்கு அநேகமாக இல்லை, வரியும் மாறவில்லை. மூன்று பிடிகளில் உலக விலை என்ற ஒன்றே அத்தனையையும் செய்திருக்கிறது. உலகச் சந்தையில் பரபரப்பு அடங்கியதும் நவம்பர் கடைசியில் அவுன்ஸ் 290 டாலர் பக்கம் வந்துவிட்டது. என் 12 பவுனும் அதோடு இறங்கியது.

ஒரு தேர்தலை வைத்து முடிவு சொன்னால், பிள்ளைகளே, உங்கள் விடைத்தாளில் நானே மார்க் குறைப்பேன். எனவே அதற்குப் பின் வந்த ஐந்து மக்களவைத் தேர்தல்களையும் எடுத்தேன். முதலில் அளவுகோலை முடிவு செய்ய வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது காப்பியடிப்பதற்குச் சமம். முதல் கட்ட வாக்குப்பதிவு நாளிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை என்று வைத்தேன். டாலர் விலையை அன்றைய ரூபாயில் மாற்றினேன். வரியைச் சேர்க்கவில்லை.

2004-இல் சற்று இறக்கம். அந்தத் தேர்தல் முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மே 17-ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட அதிர்ச்சியிலும் தங்கம் பறக்கவில்லை. 2009-இல் சுமார் 5 சதவீதம் ஏற்றம். 2014-இல் சுமார் 3 சதவீதம் இறக்கம். 2019-இல் போன இடத்திலேயே நின்றது. 2024-இல் சுமார் 2 சதவீதம் இறக்கம். ஐந்தில் ஒன்றே ஒன்றில்தான் ஏற்றம்.

"சார், நீங்க தேதியை உங்களுக்குத் தோதா வெச்சுக்கிட்டீங்க" என்று யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. எனவே தேர்தல் ஆணையம் தேதி அறிவித்த நாளிலிருந்து எண்ணிக்கை வரை என்று மாற்றி மறுபடி போட்டேன். இப்போதும் ஐந்தில் ஒன்றில்தான் ஏற்றம். ஆனால் ஆள் மாறிவிட்டது! 2009-இல் மார்ச் 2 அன்று தேதி அறிவித்தபோது ரூபாய் மிகவும் நொந்துபோய் 52-க்குப் பக்கத்தில் இருந்தது. மே நடுவில் 49 ரூபாய்ச் சொச்சம். அதனால் ஏற்றமாகத் தெரிந்த 2009 இப்போது சுமார் 6 சதவீத இறக்கமாகிவிட்டது. இறக்கமாகத் தெரிந்த 2024-ஓ, மார்ச் 16-லிருந்து அளந்தால் 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். 2014 இரண்டு அளவிலும் இறக்கம்தான், இரண்டாவது அளவில் இன்னும் அதிகம்.

எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறியதும் இறங்கியதும் இடம் மாறுகிறது என்றால், அங்கே தேர்தல் என்ற காரணம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உண்மையான காரணமாக இருந்தால் அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

2014-இல் ஏன் இறங்கியது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. நிலையான ஆட்சி வரும் என்று சந்தை எதிர்பார்த்ததால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்து ரூபாய் வலுத்தது. மார்ச் தொடக்கத்தில் 62-க்குப் பக்கத்தில் இருந்த டாலர் மே நடுவில் 59-க்கும் கீழே வந்தது. ரூபாய் வலுத்தால் தங்கம் மலியும். ஆக நம் தேர்தலால் தங்கத்தைத் தொட முடிகிற வழி ரூபாய்தான். அந்த வழியிலும் இரண்டு பக்கமும் போகலாம்.

2024-இல் இன்னொரு வேடிக்கை. ஜூன் 4-ஆம் தேதி எதிர்பாராத முடிவு வந்து சென்செக்ஸ் 6 சதவீதம் போல விழுந்தது. தங்கத்தில் பெரிய அசைவு அந்த நாளில் வரவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூன் 7-ஆம் தேதி, உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சென்னையில் மறுநாள் பவுனுக்கு 1,500 ரூபாய் போலக் குறைந்தது. காரணம், 18 மாதம் விடாமல் தங்கம் வாங்கிவந்த சீனாவின் மத்திய வங்கி மே மாதம் வாங்கவில்லை என்ற செய்தியும், அமெரிக்காவில் வேலைவாய்ப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்ற செய்தியும். நம் தேர்தல் முடிவு வந்த வாரத்தில் நம் தங்கத்தை அசைத்தது பெய்ஜிங்கும் வாஷிங்டனும்.

இனி எதிர்க்கட்சிச் சாட்சியையும் கூப்பிட வேண்டும். 1991. அந்தத் தேர்தலின் நடுவில்தான், மே 21 இரவு, நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மீதி வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போனது. அந்த வருடம் தங்கம் உண்மையாகவே ஏறியது. 10 கிராமுக்கு 1990-91-இல் சராசரி 3,452 ரூபாய். 1991-92-இல் 4,298 ரூபாய். கிட்டத்தட்ட கால்வாசி ஏற்றம். "தேர்தல்னா தங்கம் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு இந்த வருடமே விதை போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் பிரித்துப் பாருங்கள். அந்த வருடம் உலகச் சந்தையில் தங்கம் டாலரில் சற்று இறங்கியிருந்தது. ஏறியது டாலர்தான். அன்னியச் செலாவணி கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில், மே மாதம் அரசு தன்னிடம் இருந்த பறிமுதல் தங்கத்தில் 20 டன்னை வெளிநாட்டில் விற்றுப் பணம் திரட்டியது, பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்தோடு. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கத்திலிருந்து 47 டன் போல இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு போனது. தேர்தல் முடிந்து நரசிம்ம ராவ் அரசு வந்தபின், ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். 1990-91-இல் சராசரியாக 18 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் அடுத்த ஆண்டு 24 ரூபாய்க்கு மேல் போனது. தங்கம் அதன் பின்னால் போனது.

அரசியல் குழப்பத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்திரசேகர் அரசால் அந்த வருடம் முழு பட்ஜெட் போட முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கையிருப்பு வற்றிய நாட்டில் அரசியல் குழப்பம் ரூபாயை வீழ்த்தும், ரூபாய் தங்கத்தை ஏற்றும். இதுதான் அந்த நம்பிக்கையில் இருக்கும் உண்மைப் பருக்கை. கையிருப்பு நிறைந்திருக்கும் காலத்துக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது. 2004-உம் 2024-உம் அதைத்தான் காட்டின.

கொள்கை என்ன ஆகுமோ என்ற கவலை வேறு, கொள்கை முடிவு வேறு. முடிவு வந்தால் விலை அன்றே அசையும். எந்தப் பக்கம் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2013-இல் ரூபாய் சரிந்தபோது தங்க இறக்குமதி வரியை ஒரே வருடத்தில் மூன்று முறை ஏற்றி 4 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். இறக்குமதியில் ஐந்தில் ஒரு பங்கை நகையாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டார்கள். உள்ளூர் விலை உலக விலையைவிடத் தனியாக எழும்பி நின்றது. 2014 தேர்தல் முடிவு வந்த ஐந்தாம் நாள், மே 21 அன்று, ரிசர்வ் வங்கி அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எழும்பி நின்ற கூடுதல் விலை சுருங்கியது. தேர்தலுக்குப் பயந்து மார்ச்சில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

2024-இலும் அப்படியே. ஜூலை 23 பட்ஜெட்டில் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் சென்னையில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. தேர்தலுக்கு முன் வட்டிக்கு வாங்கி நகை எடுத்தவர் வட்டியையும் கட்டி இந்த இறக்கத்தையும் பார்த்திருப்பார். அதே அரசு 2019 ஜூலை பட்ஜெட்டில் வரியை 10-லிருந்து 12.5 ஆக ஏற்றியது. ஒரு தேர்தலுக்குப் பின் ஏற்றம், அடுத்த தேர்தலுக்குப் பின் இறக்கம். இதில் என்ன விதி சொல்வது?

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது? எனக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு.

ஒன்று, காலண்டர். 2004 முதல் 2024 வரை ஐந்து மக்களவைத் தேர்தல்களிலும் அட்சய திருதியை சரியாக முதல் வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் வந்தது. அதோடு சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள். நகைக்கடைக்கு நாம் ஆண்டில் அதிகமாகப் போகும் வாரங்களும் தேர்தல் வாரங்களும் ஒன்றாகிவிட்டன. கடையில் கூட்டத்தைப் பார்க்கிறோம், வெளியே கட்சிக் கொடியைப் பார்க்கிறோம், மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உண்மையில் தேர்தல் காலம் கடைக்காரருக்குச் சிரமமான காலம். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைக்கும். இங்கே ஈசிஆரில் வண்டிகளை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்வதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம்.

இரண்டு, தங்கம் நீண்ட காலத்தில் ஏறிவந்திருக்கிறது. 2004-க்குப் பின் எந்த மூன்று மாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் இறக்கத்தைவிட ஏற்றம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே "தேர்தலில் ஏறியது" என்று சொன்னால் போதாது. தேர்தல் இல்லாத மாதங்களைவிட அதிகமாக ஏறியதா என்று கேட்க வேண்டும். என் நோட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது தேர்தல்கள் என்பது ஒரு விதியை நிரூபிக்கவோ புதைக்கவோ மிகச் சின்ன எண்ணிக்கை. "ஏறாது" என்று நான் சொல்லவில்லை. "ஏறும் என்று நம்பிக் கடன் வாங்க ஆதாரம் இல்லை" என்று மட்டுமே சொல்கிறேன். குழப்பம் தங்கத்தை எப்போதுமே ஏற்றாது என்றும் சொல்லவில்லை. தங்கத்துக்கு விலை போடுவது டாலரில். அந்த டாலரை அச்சடிக்கும் நாட்டில் குழப்பம் வந்தால் தங்கம் கேட்கும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா கிட்டத்தட்ட எல்லா நாடுகளுக்கும் புது இறக்குமதி வரி அறிவித்தபோது முதலில் சில நாள் சறுக்கி, பிறகு அதே மாதம் 3,500 டாலரைத் தொட்டது. அங்கேகூட தேர்தல் என்பது நம்பத்தக்க அடையாளம் இல்லை. 2024 நவம்பரில் டிரம்ப் வென்ற மறுநாள் தங்கம் விழுந்தது, சென்னையில் ஒரே நாளில் பவுனுக்கு 1,300 ரூபாய் போல.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். வரப்போவது சட்டமன்றத் தேர்தல். உலக விலை, ரூபாய், இறக்குமதி வரி ஆகிய மூன்று பிடிகளில் ஒன்றுகூடக் கோட்டையில் இல்லை. சென்னையில் யார் முதலமைச்சராக உட்கார்ந்தாலும் தங்கத்துக்குத் தெரியாது. "எலக்‌ஷனுக்காக அவசரப்படாதேம்மா. கல்யாணத்துக்கு இத்தனை பவுன் வேணும்னா, அதைக் கையில் இருக்கிற காசுக்கு ஏற்ப மூணு நாலு தடவையா பிரிச்சு வாங்கு. ஒரே நாள் விலையில மாட்டிக்க மாட்டே. நடுவுல பிப்ரவரி பட்ஜெட் வருது, அன்னைக்கு வரி மாறுதான்னு கவனி. ஏறினாலும் ஏறலாம், இறங்கினாலும் இறங்கலாம், ஆனா வட்டி மட்டும் நிச்சயம் ஏறும்" என்றேன்.

"எங்க மாமனாருக்கு நீங்களே போன்ல சொல்லிடுங்க சார்" என்றாள். அவருக்காகத்தான் இத்தனை நீளம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் நோட்டில் இருப்பது லண்டன் விலையும் ரிசர்வ் வங்கிச் சராசரியும்தான். செங்கல்பட்டிலும் திருப்போரூரிலும் நம் வீட்டுப் பெண்கள் உண்மையில் என்ன விலை கொடுத்தார்கள் என்பது அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது. உங்கள் அம்மா, பாட்டியின் பழைய நகைக்கடை ரசீது இருந்தால் தேதியும் கிராம் விலையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். முக்கியமாக 1991 மே முதல் ஆகஸ்ட் வரை, 1999 ஜூலை முதல் நவம்பர் வரை உள்ள ரசீதுகள் வேண்டும். என்னுடைய 1999 அக்டோபர் ரசீது முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தங்கை பார்த்துவிட்டு இன்னும் சிரிக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
முட்டுக்காடு